அடையாள அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள்: அணுகுண்டுக் காபனும் வன்னியின் பற்களும்

2023 ஜூன் கடைசியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க மண் வெட்டினார்கள். மண்ணோடு சேர்ந்து எலும்பும் துணியும் மேலே வந்தன. அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை விட்டு விட்டு நடந்த அகழ்வில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இப்படி ஓர் இடம் திறக்கப்படும்போது சுற்றி நிற்கிறவர்களிடம் இரண்டு கேள்விகள்தான் இருக்கும். இது எந்தக் காலத்து எலும்பு? இது யாருடையது?

முதல் கேள்விக்கு விடை சொல்ல "காபன் பரிசோதனை" என்று ஒன்று இருப்பதை எங்கள் பக்கத்தில் பலர் மன்னார் மூலமாகத்தான் அறிந்தார்கள். 2018இல் மன்னார் நகரின் சதொச வளாகத்தில் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட புதைகுழியில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஓர் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை, அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. அன்றிலிருந்து இங்கே காபன் பரிசோதனை என்றால் பலருக்கு ஒரு கசப்பு. "எதைக் கொடுத்தாலும் அரசர் காலத்து எலும்பு என்றுதான் எழுதுவார்கள்" என்று தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த அறிக்கைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்பு சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. காபன்-14ஐக் கொண்டு காலம் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நூற்றாண்டுக் கணக்கில் பழையதை அளக்கும் வழி. அதைத்தான் பள்ளியில் படிக்கிறோம். மற்றது 1955க்குப் பிறகு வாழ்ந்தவர்களுக்கு மட்டும் பொருந்துவது. அதில் பிழை ஓரிரு ஆண்டுகள்தான். போர்க்காலத்துப் புதைகுழிக்குத் தேவையானது இந்த இரண்டாவது. அதற்கு மிக நல்ல மாதிரி, எலும்பை விடப் பல்லின் எனாமல்.

காபன்-14 எங்கிருந்து வருகிறது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல்வளியில் மோதி நியூத்திரன்களைத் தெறிக்க வைக்கின்றன. அந்த நியூத்திரன் ஒரு நைதரசன் அணுவைத் தாக்கினால் அது காபன்-14 ஆகிறது. ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிக் காற்றில் கலக்கிறது. காற்றில் இருக்கும் காபன் அணுக்களில் ஏறக்குறைய ஒரு இலட்சம் கோடிக்கு ஒன்றுதான் இந்த வகை. இது பாதியாகத் தேய 5,730 ஆண்டுகள் எடுக்கும்.

அணுகுண்டு வெடிக்கும்போதும் ஏராளமான நியூத்திரன்கள் வெளியே பாய்கின்றன. அவையும் காற்றிலுள்ள நைதரசனைத் தாக்குகின்றன, அதே காபன்-14 பிறக்கிறது. குண்டுக்குள் இருந்த பொருள் சிதறி வந்ததல்ல இது. சுற்றியிருந்த காற்றே மாறியது. 1950களின் நடுவிலிருந்து அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரித்தானியாவும் திறந்த வெளியில் அடுத்தடுத்துக் குண்டுகளைச் சோதித்தன. 1961 ஒக்டோபர் 30 அன்று ஆர்க்டிக் பகுதியில் நோவாயா செம்லியாத் தீவில் சோவியத் வெடித்த குண்டு ஒன்று மட்டும் 50 மெகாதொன் வலு கொண்டது. வளிமண்டலத்தில் சோதனை செய்வதில்லை என்ற ஒப்பந்தத்தில் அந்த மூன்று நாடுகளும் 1963 ஓகஸ்டில் கையெழுத்திட்டன. அதற்குள் வடபாதி உலகத்தின் காற்றில் காபன்-14 ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. பிரான்சும் சீனாவும் அதன் பிறகும் சோதித்தன. ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

இந்த ஏற்றத்தை நேரடியாக அளந்து பதிவு செய்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் நமக்கு வாய்த்த நன்மை. நியூசிலாந்தின் வெலிங்டன் அருகே 1954 கடைசியிலிருந்து காற்றை அளந்து வந்த ராஃப்டர், ஃபெர்குசன் என்ற இருவர், காபன்-14 கூடிக்கொண்டு போவதை 1957இல் எழுதினார்கள். பிறகு ஐரோப்பாவிலும் வேறிடங்களிலும் தொடர்ந்து அளந்தார்கள். அந்த அளவுகளையும் மரவளையங்களையும் சேர்த்து, ஒவ்வொரு ஆண்டும் காற்றில் எவ்வளவு இருந்தது என்ற வளைகோடு இன்று கையில் இருக்கிறது.

குண்டுகளுக்கு முந்திய இயல்பு அளவை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வக அறிக்கையில் இது F14C என்ற பெயரில் 1.00 என்று இருக்கும். நமக்கு 100 வசதி. 1955 வரை 100க்குப் பக்கம். 1963, 64இல் வடபாதியில் 190ஐ எட்டுகிறது. அங்கிருந்து இறக்கம்: 1970இல் 153 போல, 1980இல் 127, 1990இல் 115, 2000இல் 109, 2010இல் 104 அல்லது 105. 2020ஐ ஒட்டித் திரும்பவும் 100.

ஏன் இறங்கியது? பாதியாக 5,730 ஆண்டு எடுக்கும் ஒன்று ஐம்பது ஆண்டில் தேய்ந்து போகாது. காற்றிலிருந்த காபன்-14ஐக் கடல் கரைத்துக்கொண்டது, காடும் மண்ணும் எடுத்துக்கொண்டன. அதோடு நாம் எரிக்கும் நிலக்கரியும் பெற்றோலும் காற்றை ஐதாக்குகின்றன. அவை கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் காபன்-14 துளியும் மிச்சமில்லை. ஆகவே இங்கே நாம் பார்ப்பது தேய்வைக் கொண்டு ஓடும் கடிகாரம் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு மாறிய ஒரு முத்திரையைப் பழைய பதிவோடு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

சரி, நோவாயா செம்லியாக் குண்டு வன்னிப் பிள்ளையின் பல்லுக்குள் எப்படி வந்தது? நெல்வழியாகத்தான். காலபோகத்தில் இரணைமடுத் தண்ணியில் வளரும் நெல், அந்த ஐந்தாறு மாதக் காற்றை வாங்கி மாப்பொருளாக்குகிறது. அறுத்த நெல்லை அடுத்த ஆண்டுக்குள் சாப்பிட்டு விடுகிறோம். சோறு இரத்தத்தில் காபனீரொட்சைட்டாகிறது. அதில் ஒரு சிறு பங்கு, வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் கனிமத்துக்குள் காபனேற்றாகச் சிக்கிக்கொள்கிறது. காற்றுக்கும் பல்லுக்கும் இடையில் சராசரியாக ஓர் ஆண்டுக்கும் குறைந்த தாமதமே.

இங்கே வன்னிக்கே உரிய ஒரு சின்னச் சிக்கல் உண்டு. வாடைக்காற்று வடக்கிலிருந்தும் சோழகம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்திலிருந்தும் வருகின்றன. குண்டுகள் பெரும்பாலும் வடபாதியில் வெடித்ததால் 1960களின் முதற்பாதியில் தென்பாதிக் காற்றில் காபன்-14 குறைவாகவே இருந்தது. அந்த ஆண்டுகளில் காலபோக நெல்லுக்கும் சிறுபோக நெல்லுக்கும் அளவு சற்று வேறுபட்டிருக்கும். ஐரோப்பிய வளைகோட்டை அப்படியே எங்கள் பக்கத்துப் பல்லுக்குப் போடக்கூடாது. பருவக்காற்று வலயத்துக்கென்று தொகுத்த வளைகோட்டைப் போட வேண்டும். ஆனால் 1970கள் வரும்போது உலகக் காற்று நன்றாகக் கலந்து விட்டது. அதனால்தான் பின்னாளில் பிள்ளைகள் நிவாரணக் கோதுமை மாவையும் வெளிநாட்டுப் பால்மாவையும் சாப்பிட்டு வளர்ந்தாலும் கணக்குப் பிழைப்பதில்லை. மா எந்த நாட்டில் விளைந்தாலும் காற்று ஒரே காற்று.

இனி எனாமல். சிலர் மிளிரி என்பார்கள், சிலர் பற்சிப்பி என்பார்கள். உடம்பிலேயே கடினமான பொருள் இதுதான். இதை உண்டாக்கும் கலங்கள் வேலை முடிந்ததும், பல் முரசை விட்டு வெளியே வரும்போது அழிந்து போகின்றன. பிறகு எனாமலைப் புதுப்பிக்க ஆளில்லை. சூத்தை வந்தால் தானாக மூடாததும் இதனால்தான். ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல், அறுபது வயதிலும் குழந்தைப் பருவத்துக் காபனையே வைத்திருக்கும். எலும்பு அப்படியில்லை, அது வாழ்நாள் முழுக்க மெதுவாகக் கரைந்து மெதுவாக மீண்டும் கட்டப்படுகிறது.

எந்தப் பல்லின் எனாமல் எந்த வயதில் உருவாகிறது என்பது பல் வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாவது கடைவாய்ப்பல்லில் அது பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயதளவில் முடிகிறது. இரண்டாவதில் ஏழு, எட்டு வயதில் முடிகிறது. ஞானப்பல்லில் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடையில். நாங்கள் அணிலுக்கென்று கூரையில் எறிந்த பாற்பல்லின் எனாமலோ தாயின் வயிற்றிலேயே தொடங்கி விடுகிறது. அதில் பாதி, தாய் சாப்பிட்ட சோறு.

இந்த வயதுகளையும் காற்றின் வளைகோட்டையும் பொருத்தினால் பிறந்த ஆண்டு கிடைக்கும் என்று 2005இல் காட்டியவர்கள் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஸ்போல்டிங், ஃபிரிசென் குழுவினரும் அவர்களோடு கலிபோர்னியாவில் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்து புக்கோல்ஸும். 22 பேரின் 33 பற்களை அளந்தார்கள். கணித்த ஆண்டுக்கும் உண்மையான ஆண்டுக்கும் சராசரி வித்தியாசம் 1.6 ஆண்டு. எலும்பையும் பல் தேய்வையும் கண்ணால் பார்த்து வயது சொல்லும்போது வளர்ந்தவர்களில் ஐந்து, பத்து ஆண்டு பிசகுவது சாதாரணம்.

அளக்கும் வேலை இப்படி நடக்கும். பல்லின் முடியை வேரிலிருந்து முரசு ஓரத்தில் வெட்டிப் பிரிப்பார்கள். முடியைச் செறிந்த சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் போட்டு, மீயொலித் தொட்டியில் சில நாட்கள் வைப்பார்கள். உள்ளே இருக்கும் மென்மையான பகுதி கரைந்து பழுதாக, எனாமல் ஓடு மட்டும் மிஞ்சும். அதன் மேற்பரப்பை ஐதான அமிலத்தால் லேசாக அரித்து, மண்ணில் கிடந்தபோது ஒட்டிய காபனேற்றை எடுத்து விடுவார்கள். இந்தப் படியைச் சரியாகச் செய்யாவிட்டால் அளப்பது பல்லையல்ல, நிலத்தடி நீரை. பிறகு வெற்றிடக் குழாயில் பொசுபோரிக்கமிலம் ஊற்றினால் எனாமலிலிருந்து காபனீரொட்சைட்டு கிளம்பும். அதைப் பென்சிற்கரித் தூளாக மாற்றி, ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானியில் வைப்பார்கள். அந்தக் கருவி காபன்-14 அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும். எனாமலில் காபன் 0.4 வீதம்தான், 100 மில்லிகிராம் எனாமலில் 0.4 மில்லிகிராம் காபன். அது போதும். ஒரு கடைவாய்ப்பல்லில் அதைவிட அதிகமாகவே எனாமல் உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட பல். எந்தப் புதைகுழியிலிருந்தும் வந்ததல்ல. ஒரு மண்டையோட்டின் முதலாவது கடைவாய்ப்பல்லை அளந்தால் 127 வருகிறது. வளைகோட்டில் 127 என்ற அளவு இரண்டு இடத்தில் இருக்கிறது: ஏறும்போது 1962 வாக்கில், இறங்கும்போது 1980இல். மலையின் இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருப்பது போல. முதலாவது கடைவாய்ப்பல்லின் எனாமல் சராசரியாக இரண்டு வயதளவில் உருவானது என்று கொண்டால், இவர் 1960இல் பிறந்தவர், அல்லது 1978இல் பிறந்தவர். பதினெட்டு ஆண்டு வித்தியாசம். இந்த ஒரு பல்லை எத்தனை தரம் அளந்தாலும் இது தீராது.

அதனால்தான் இரண்டாவது பல் வேண்டும். அதே மண்டையோட்டின் ஞானப்பல்லில் 114 வருகிறது. ஞானப்பல்லின் எனாமல் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உருவானது. இவர் 1960இல் பிறந்திருந்தால் அது 1973ஐ ஒட்டிய காற்று; அப்போது அளவு 140க்கு மேல். வந்திருப்பது 114, பொருந்தவில்லை. 1978இல் பிறந்திருந்தால் அது 1990, 91. அப்போதைய அளவு 114, 115. பொருந்துகிறது. பின்னால் உருவான பல்லில் அளவு குறைந்திருந்தால் ஆள் இறக்கத்தில் வளர்ந்தவர், கூடியிருந்தால் ஏற்றத்தில் வளர்ந்தவர். உச்சத்தை ஒட்டிப் பிறந்தவர்களில் ஒரு பல் இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் விழும். அப்போது மூன்றாவது பல் கேட்பார்கள்.

ஆக இவர் 1978, ஓரிரு ஆண்டு முன்பின். இலங்கையில் பழைய தேசிய அடையாள அட்டையின் எண், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களோடு தொடங்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீதியோரம் குந்தியிருக்கும் தாய்மாரின் கையில் புகைப்படத்தோடு அந்த எண்ணும் இருக்கும். பல் சொல்வது அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை. பெயரைச் சொல்லாது. ஆனால் 78ஐயும் அதன் இரண்டு பக்கத்தையும் மட்டும் பார்த்தால் போதும் என்று பட்டியலைச் சுருக்கும். மரபணுவை யாருடைய இரத்தத்தோடு முதலில் ஒப்பிடுவது என்று தீர்மானிக்க அது பெரிய உதவி.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பல் சொல்வது பிறந்த ஆண்டை. இறந்த ஆண்டை அல்ல. நம்முடைய 1978காரர் 1996இல் இறந்தாலும் 2009இல் இறந்தாலும் எனாமலில் ஒரே எண்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் வரலாறே மாறி விடுகிறது. ஆனால் எனாமலுக்கு அது தெரியாது.

இறந்த ஆண்டுக்கு, இறக்கும்போது என்ன வயது என்று தனியாகக் கண்டு, பிறந்த ஆண்டோடு கூட்ட வேண்டும். அதற்கும் முதலில் பல்லையே பார்க்கலாம். ஞானப்பல்லின் வேர் நுனி மூடுவது பொதுவாகப் பதினெட்டு வயதுக்குப் பிறகு. நம்முடையவரின் வேர் நுனி இன்னும் திறந்தே இருக்கிறது, காறை எலும்பின் உள்முனையும் ஒட்டவில்லை என்றால், பதினெட்டு, இருபது வயது. 1978ஓடு கூட்டினால் 1996, 98. எல்லாம் மூடி ஒட்டி விட்டிருந்தால் வேறு வழி வேண்டும். பல்லின் புரதத்தில் உள்ள அசுப்பாட்டிக் அமிலம் வயதோடு மெதுவாக ஒரு வடிவத்திலிருந்து அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கு மாறும். அந்த விகிதம் வயதைச் சொல்லும், ஏறக்குறைய ஐந்து ஆண்டுப் பிழையோடு. உயிர் போனபின் உடற்சூடு இல்லாததால் மாற்றம் ஏறக்குறைய நின்று விடும். ஐந்து ஆண்டுப் பிழை பெரிதுதான். என்றாலும் பதினெட்டா முப்பத்தொன்றா என்று பிரிக்க அது போதும்.

எலும்பை அளந்து இறந்த ஆண்டைப் பார்க்க முடியாதா? நேரடியாக முடியாது. வளர்ந்தவரின் தொடையெலும்பில் ஆண்டுக்குச் சில வீதம்தான் புதிதாகிறது. நாற்பது வயதில் இறந்தவரின் எலும்பில் பதின்ம வயதுக் காபனும் கிடக்கும். அதை அப்படியே வளைகோட்டில் வைத்தால் இறப்புக்குப் பத்து, இருபது ஆண்டுக்கு முந்திய ஆண்டு ஒன்று வரும். அதை இறந்த ஆண்டு என்று யாராவது எழுதினால் அறிக்கையை நம்பாதீர்கள். தலைமயிரும் நகமும் கடைசி மாதங்களைக் காட்டும். ஆனால் எங்கள் மழையிலும் வெயிலிலும் அவை மிஞ்சுவது அபூர்வம்.

இன்னொரு பொறி, வயதானவர்கள். 1935இல் பிறந்தவரின் ஞானப்பல் எனாமல்கூட 1950ஐ ஒட்டி முடிந்து விட்டது. குண்டுக் காபன் அதில் ஏறவே இல்லை. அவர் 2009இல் இறந்திருந்தாலும் பல் 100க்குக் கீழேதான் காட்டும். பல்லை மட்டும் பார்த்தவர் இது முந்நூறு ஆண்டுக்கு முந்தியது என்றுகூட எழுதலாம், ஏனென்றால் 1650க்கும் 1950க்கும் இடையில் பழைய காபன் முறையின் விடையும் குழம்பியே இருக்கும். அவருடைய எலும்போ 1955க்குப் பிறகும் புதுப்பிக்கப்பட்டு வந்ததால் 100க்கு மேலே நிற்கும். பல் கீழே, எலும்பு மேலே என்றால் பழங்காலத்தவர் அல்ல. நம் காலத்தில் இறந்த முதியவர்.

முல்லைத்தீவுக் கரையில் மீனையே சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு சிறு திருத்தமும் வேண்டும். கடல் குண்டுக் காபனை மெதுவாகத்தான் வாங்கியது. 1980இல் காற்றில் 127 என்றால் கடலின் மேல்நீரில் 112 போல. பல்லின் காபனில் ஐந்தில் ஒன்று மீனிலிருந்து வந்தது என்று வைத்தால் அளவு 127க்குப் பதில் 124 ஆகும். பிறந்த ஆண்டு இரண்டு ஆண்டு பிந்தித் தெரியும். நல்ல வேளையாக எனாமலின் காபன் முழுச் சாப்பாட்டிலிருந்தும் வருகிறது, சோற்றின் பங்கு அதில் பெரியது. 1990களுக்குப் பிறகு காற்றும் கடலும் நெருங்கி விட்டதால் இந்தப் பிழையும் கரைந்து போகிறது.

பிள்ளைகளின் பற்களில் வருவது வேறு மாதிரிச் சிரமம். 1980களில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் இறங்கிய அளவு, 2000க்குப் பிறகு ஆண்டுக்கு அரை அளவுதான் இறங்குகிறது. கருவியின் பிழையும் 0.3, 0.5 என்று அதே அளவில். 2009இல் இறந்த ஏழு வயதுப் பிள்ளையின் ஆண்டைச் சொல்லும்போது வழக்கத்தை விடச் சற்று அதிக இடைவெளி விட வேண்டும். அங்கே வயதைப் பல் முளைத்த படியைப் பார்த்தே துல்லியமாகச் சொல்லலாம், காபன் தேவைப்படுவது காலத்தை உறுதிப்படுத்த மட்டும். இன்று பிறக்கும் பிள்ளைகளின் எனாமலில் அளவு 100ஐ ஒட்டியிருக்கிறது. அதாவது குண்டுக்கு முந்திய ஒருவரின் பல்லைப் போலவே தெரியும்.

இப்போது மன்னார். 1404 முதல் 1635 வரை என்றால் எங்கள் அளவுகோலில் அது 95ஐ ஒட்டிய எண். 1990இல் இறந்த இளைஞர் ஒருவரின் எலும்பு 115 அல்லது அதற்கு மேல் காட்டும். 115, 95ஆகத் தெரிய வேண்டுமென்றால் அந்த மாதிரியின் காபனில் ஆறில் ஒரு பங்கு, காபன்-14 இல்லாத வேறொன்றாக இருக்க வேண்டும். பெற்றோலியத்திலிருந்து செய்த பசையோ பூச்சோ அப்படிப்பட்டது. எலும்பு உடையாமலிருக்கச் சில இடங்களில் பூசுவார்கள். சும்மா கைபட்ட அழுக்கு இவ்வளவைச் செய்யாது. அப்படி ஒன்று கலந்திருந்தால், எலும்பிலிருந்து பிரித்தெடுத்த கொலாஜன் என்ற புரதத்தில் காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் காட்டிக் கொடுத்து விடும். நல்ல கொலாஜனில் அது 2.9க்கும் 3.6க்கும் இடையில் நிற்கும். ஆகவே அந்த எண்ணைக் கேள்வி கேட்க விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது அந்த விகிதத்தைத்தான். என்னைக் கேட்டால், ஆறு மாதிரிகளும் ஒரே போலப் பிழைப்பது கடினம்.

ஆனால் ஆறு மாதிரி ஆறு பேருக்குத்தான் சாட்சி சொல்லும். பழைய புதைநிலத்துக்குள் பிற்காலத்தில் ஆட்களைப் புதைக்க முடியும். முந்நூறு பேரின் பற்களையும் முழுமையாக அளப்பதற்குப் பணம் இல்லையென்றாலும், ஒரே ஒரு கேள்வியோடு பல பேரைச் சல்லடை போடலாம்: 100க்கு மேலா, கீழா? மேலே ஒன்று வந்து விட்டால் அந்த ஆள் 1955க்குப் பிறகு சோறு தின்றவர். அதை எந்த வாதத்தாலும் அரசர் காலத்துக்குத் தள்ள முடியாது. கீழே வந்தால், மேலே சொன்ன முதியவர் கணக்கை எலும்பு கொண்டு தீர்த்த பிறகுதான் பழையது என்று எழுத வேண்டும்.

இதெல்லாம் நடக்கப் பற்கள் கிடைக்க வேண்டுமே. முன்பற்களுக்கு ஒற்றை வேர். தசை அழுகியதும் அவை தாடையிலிருந்து கழன்று மண்ணோடு போகும். சல்லடையில் அரிக்காத மண்ணில் அவை கிடந்து விடும். கடைவாய்ப்பற்கள் கிளைத்த வேரால் தாடையைப் பிடித்திருக்கும், அவையே காபனுக்கும் நல்லவை. அவற்றைக் குழியருகே பிடுங்காமல் தாடையோடு வைத்து, எந்த மண்டையோடு என்று இலக்கமிட்டு, பசை எதுவும் பூசாமல், கடதாசி உறையில் காய வைத்து எடுக்க வேண்டும். பல்லின் முடியை வெட்டிக் காபனுக்கு அனுப்பும்போது வேரைத் தனியாக எடுத்து வைப்பார்கள். மரபணு எடுக்கும் இடம் அந்த வேர்தான். ஒரே பல்லின் மேல்பாதி ஆண்டைச் சொல்லும். கீழ்ப்பாதியை, அட்டையில் அந்த ஆண்டை வைத்திருக்கும் தாயின் இரத்தத்தோடு ஒப்பிடுவார்கள்.